முதல் பைக்: கையிலிருக்கும் பணத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

"முதல் வேலை, முதல் பைக். ஊர் திருச்சி. கையில் ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், லோன் வேண்டாம் என்று முடிவு. பார்த்து வைத்திருப்பது 160 சிசி வண்டி, ஷோரூம் விலை 1,20,000. மீதி 30,000-த்தில் ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் அடங்குமா? ஒவ்வொரு ஷோரூமிலும் ஒவ்வொரு கணக்கு சொல்கிறார்கள்."

வண்டியை எடுத்துவிடுவீர்கள். ஆனால் எடுத்த அன்றைக்கு உங்களிடம் ஏறக்குறைய 1,800 ரூபாய்தான் மிஞ்சும். அந்த 1,800-க்குள் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பெட்ரோல் எல்லாம் வந்தாக வேண்டும். ஒரு பைக் ஷோரூமில் ஒன்பது வருடம் பில் போடும் மேசையில் உட்கார்ந்திருந்தேன், அதற்கப்புறம் இன்சூரன்ஸ் க்ளெயிம் வேலைக்குப் போனேன். முதல் வண்டி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் இதே இடத்தில்தான் வந்து நின்றார்கள். வரியும் இன்சூரன்ஸும் கட்டாமல் வண்டி வெளியே போகாது என்பதால் அவை தாமாக வசூலாகிவிடும். ஜாக்கெட்டும் கையுறையும் வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. அதனால் பணம் குறையும்போது வெட்டு அங்கேதான் விழும். உங்கள் கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எது மாறாதது, எது கடைக்குக் கடை மாறும் என்பதையும் கூடவே சொல்கிறேன்.

முதலில் வரி. தமிழ்நாட்டில் இரு சக்கர வாகனத்துக்கு ஆயுட்கால வரி ஒரே தடவை கட்டுவது. 2023 நவம்பரிலிருந்து, வண்டியின் விலை ஒரு லட்சம் வரை இருந்தால் 10 சதவீதம், ஒரு லட்சத்தைத் தாண்டினால் 12 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் 12 என்று நினைத்துவிடாதீர்கள், மொத்த விலைக்கும் 12. அதாவது 99,000 ரூபாய் வண்டிக்கு 9,900 கட்டுபவர், 1,01,000 ரூபாய் வண்டிக்கு 12,120 கட்டுவார். உங்கள் 1,20,000-க்கு வரி 14,400. இதில் பேரம் பேச ஒன்றுமில்லை, எந்த ஷோரூமுக்குப் போனாலும் இதே தொகைதான்.

இதோடு பதிவுக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டுக்கு 200, சாலைப் பாதுகாப்பு வரி சில நூறு, தபால் செலவு, அலுவலகச் சேவைக் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து 1,300 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி எடுத்தால், அந்தக் கடனை ஆர்.சி.யில் குறிக்க இன்னொரு 500 வரும். உங்களுக்கு அது இல்லை. நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பு நிறுவனமே தர வேண்டும், அதன் விலை வண்டி விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஷோரூமுக்கு ஷோரூம் கணக்கு மாறுவது ஏன் என்று குழம்புகிறீர்கள் அல்லவா? கொட்டேஷன் தாளில் "ஆர்.டி.ஓ. செலவு 19,500" என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். உண்மையில் அரசுக்குப் போவது 15,700 சுமார். மிச்சம் ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், ஃபைல் சார்ஜ் என்ற ஏதோ ஒரு பெயரில் கடைக்குப் போகிறது. சட்டத்தில் அப்படி ஒரு கட்டணமே கிடையாது. நான் வேலை பார்த்த இடத்திலும் இது நடந்தது, அந்த வரியைத் தட்டச்சு செய்தவனே நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் சண்டை போட வேண்டியதில்லை. "வரி ரசீது, பதிவுக் கட்டண ரசீது இரண்டும் தனித்தனியாக என் கைக்கு வருமா?" என்று பணம் கட்டும் முன்பே அமைதியாகக் கேட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு அந்த ஆர்.டி.ஓ. செலவுத் தொகை எப்போதும் கொஞ்சம் இளைத்துவிடும். ஆர்.சி. வந்த பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அதே தாளில் "அத்தியாவசிய கிட்" என்று இன்னொரு வரி இருக்கும். சைடு கார்டு, சீட் கவர், பாலிஷ், மேட் என்று மூவாயிரம், நாலாயிரம். இதில் புடவை சிக்காமல் தடுக்கும் பின் சக்கரக் காப்பும், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும் மோட்டார் வாகன விதிப்படி வண்டியோடு இருக்க வேண்டியவை. கூடுதல் பொருள் என்று அவற்றை விற்க முடியாது. மற்றதெல்லாம் வேண்டுமானால் வாங்குவது, வேண்டாம் என்றால் விடுவது. இங்கே மிச்சம் பிடிக்கும் மூவாயிரத்தில் நல்ல ஹெல்மெட் ஒன்று வந்துவிடும்.

அடுத்து இன்சூரன்ஸ். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் க்ளெயிம் மேசைக்கு வந்து ஏமாந்து திரும்பியவர்கள் பெரும்பாலும் இதைப் படிக்காதவர்கள்.

புது பைக்கின் பாலிசிக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது மூன்றாம் நபர் காப்பீடு, கடைப்பேச்சில் தேர்ட் பார்ட்டி. உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது. இது கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2018 செப்டம்பரிலிருந்து புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது, எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒன்றுதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை ஐந்து வருடத்துக்கு 3,851 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 7,365 ரூபாய். உங்கள் வண்டி 160 சிசி என்பதால் இரண்டாவது கணக்கு. 149 சிசி வண்டியோடு ஒப்பிட்டால், இன்ஜினில் பதினோரு சிசி கூடியதற்காக 3,514 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதிகம் கட்டுகிறீர்கள். ஷோரூமில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், கேட்காதவரை சொல்லவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது, சொந்த சேதக் காப்பீடு. உங்கள் வண்டி விழுந்தாலோ, திருடு போனாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ கிடைப்பது. இது பெரும்பாலும் ஒரே ஒரு வருடத்துக்கு மட்டும் போடப்படும். வண்டிக்கு நிர்ணயிக்கும் மதிப்பை ஐ.டி.வி. என்பார்கள். புது வண்டிக்கு ஷோரூம் விலையில் 95 சதவீதம், உங்களுக்கு 1,14,000. பழைய அட்டவணைப்படி திருச்சி போன்ற ஊரில் உங்கள் வண்டியின் சிசிக்கு இதில் 1.76 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,000 ரூபாய். நிறுவனங்கள் இதில் தள்ளுபடி தருகின்றன, சில இடங்களில் பாதிக்குப் பாதிகூட. ஆகவே இன்சூரன்ஸில் பேரம் பேச முடிந்த ஒரே பகுதி இதுதான். இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள்: பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள். 90,000 என்று போட்டிருந்தால், வண்டி திருடு போனால் உங்களுக்கு வருவதும் அந்த 90,000-க்குள்தான்.

மூன்றாவது, ஓட்டுநரான உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய்க்கு. இதுவும் கட்டாயம். ஒரு வருடத்துக்கு 750-க்குள் முடியும், பல நிறுவனங்களில் அதற்கும் கீழே. உங்கள் பெயரில் ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி இருந்தால் திரும்ப எடுக்கத் தேவையில்லை. சில கடைகளில் கேட்காமலேயே இதை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். பிரீமியம் திடீரென்று மூவாயிரம் கூடியிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இவற்றோடு ஜீரோ டெப் என்ற ஒன்றையும் முதல் வருடத்துக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் அளவிலான வண்டிக்கு ஐந்நூறு ரூபாய் சுமாரில் கிடைக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலோ, திருப்பத்திலோ, மணலில் வழுக்கியோ பக்கவாட்டில் விழுவார்கள். உடைவது ஹெட்லைட் உறை, இண்டிகேட்டர், டேங்க் ஓரத்து அலங்காரத் தகடு என்று அத்தனையும் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துவிட்டுத்தான் தருவார்கள், வண்டி வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும் அப்படித்தான். 6,000 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் மாற்றினால் 3,000 உங்கள் பையிலிருந்து. ஜீரோ டெப் இருந்தால் அந்தக் கழிவு இல்லை. ஒரு வருடத்தில் இத்தனை க்ளெயிம்தான் என்ற வரம்பு பாலிசியில் எழுதியிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மூன்றாவது வருடத்தில் இது வேண்டுமா என்பது உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது.

ஆக 7,365, 2,000, 750, 500. கூட்டினால் 10,600-ஐ ஒட்டி வரும், ஜி.எஸ்.டி.யோடு 12,500. தள்ளுபடி எதுவும் இல்லாமல் போட்ட கணக்கு இது. ஷோரூம் உங்களிடம் இதற்கு மேல் சொன்னால் வேறு நிறுவனத்தின் கொட்டேஷனை வாங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். "இங்கேதான் எடுக்க வேண்டும்" என்று வற்புறுத்த அவர்களுக்கு உரிமை இல்லை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே இதைச் சொல்லிவிட்டது. நடைமுறையில் வெளியே எடுத்தால் முகம் சுளிப்பார்கள், டெலிவரியை இரண்டு நாள் இழுப்பார்கள், அது வேறு. பெரும்பாலான நேரங்களில் கொட்டேஷனைக் காட்டினாலே விலை இறங்கிவிடும்.

க்ளெயிம் மேசையில் நான் அடிக்கடி பார்த்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் வந்தான், வண்டி வாங்கிப் பதினான்கு மாதம். லாரிக்கு ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் இறங்கி, முன் ஃபோர்க், சக்கரம், ஹெட்லைட் எல்லாம் போய் 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். கையில் பாலிசி, "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்றான். இருந்தது தேர்ட் பார்ட்டிக்கு. சொந்த சேதம் பன்னிரண்டாவது மாதத்தோடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முழுப் பணமும் அவனே கட்டினான். பாலிசித் தாளின் முதல் பக்கத்தில் இரண்டு காலங்களும் தனித்தனியாகத் தேதியோடு அச்சாகியிருக்கும். வாங்கிய அன்றே சொந்த சேதம் முடியும் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரண்டாம் வருடம் புதுப்பிக்கும்போது, மறுபடி தேர்ட் பார்ட்டியும் சேர்ந்த முழுப் பாலிசியை விற்றுவிடுவார்கள். உங்கள் வண்டிக்கு அது வருடம் 1,366 ரூபாயும் வரியும், ஏற்கெனவே கட்டிய ஒன்றுக்கு இரண்டாம் முறை. இரண்டாம் வருடம் நீங்கள் கேட்க வேண்டியது "சொந்த சேதம் மட்டும்", அதோடு தனிநபர் விபத்துக் காப்பீடு.

இன்னொரு சின்ன விஷயம். க்ளெயிம் வாங்கினால் நோ க்ளெயிம் போனஸ் போய்விடுமே என்று 4,000, 5,000 ரூபாய்ச் சேதத்தைக் கையிலிருந்து கட்டுபவர்கள் உண்டு. காருக்கு அது யோசிக்க வேண்டிய கணக்குதான். பைக்குக்கு அந்தத் தள்ளுபடி சொந்த சேதப் பிரீமியத்துக்கு மட்டுமே, முதல் வருடம் 20 சதவீதம். இரண்டாம் வருடம் அந்தப் பிரீமியம் 1,600 ரூபாய் என்று வைத்தால், அதில் 20 சதவீதம் 320. அதைக் காப்பாற்ற நாலாயிரத்தை விடுவதில் அர்த்தமில்லை.

இப்போது கூட்டுவோம். வண்டி 1,20,000, வரி 14,400, பதிவு 1,300, இன்சூரன்ஸ் 12,500. மொத்தம் 1,48,200. தொடக்கத்தில் சொன்ன 1,800 மிச்சம் இப்படித்தான் வந்தது, அதுவும் ஹேண்ட்லிங் சார்ஜ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல்.

இதையே 98,000 ரூபாய் விலையுள்ள, 150 சிசிக்கு உட்பட்ட ஒரு வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். வரி 10 சதவீதத்தில் 9,800. பதிவு அதே 1,300. இன்சூரன்ஸ் அதே நான்கும் சேர்த்து, வரியோடு 7,750. மொத்தம் 1,16,850. ஷோரூம் விலையில் வித்தியாசம் 22,000-தான், ஆனால் வண்டி தெருவுக்கு வரும்போது அது 31,350 ஆகிவிட்டது. வரி விகிதமும் சிசி வரம்பும் இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளியதால் வந்த ஒன்பதாயிரம் இது. நல்ல ஜாக்கெட், கையுறை, ஷூ மூன்றுக்கும் போதும். 160 சிசி கூடாது என்று சொல்லவில்லை. உங்களுக்குப் பிடித்த வண்டியை நான் மாற்றச் சொல்லவும் முடியாது. ஆனால் விலைப் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிப்பதும் மொத்தச் செலவைப் பார்த்துத் தீர்மானிப்பதும் வேறு வேறு முடிவுகளைத் தரும்.

இனி உடம்புக்கானது. பைக்கோடு ஹெல்மெட் இலவசம் என்று கடைக்காரர் சொன்னால் அது அவருடைய தாராளம் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 138-இன்படி, இரு சக்கர வாகனம் விற்கும்போது பி.ஐ.எஸ். தரத்துக்கு உட்பட்ட ஹெல்மெட் ஒன்றைத் தயாரிப்பாளர் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை உங்கள் தலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் ஒரே அளவில் மூட்டையாக வந்திருக்கும். தலைக்குப் பொருந்தினால் பின்னால் உட்காருபவருக்கு ஆகும். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதால் எப்படியும் இரண்டு தேவை. ஹெல்மெட் இல்லாவிட்டால் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கமும் உண்டு.

உங்கள் தலைக்கு வாங்குவதில் விலையைவிட அளவு முக்கியம். புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். அந்த அளவு எந்தக் கம்பெனியில் எந்த எழுத்துக்கு வருகிறது என்பது மாறும், ஒன்றில் மீடியம் என்றால் இன்னொன்றில் லார்ஜ். போட்டதும் இரண்டு கன்னமும் அழுந்த வேண்டும், வாயை மெல்ல அசைத்தால் கன்னம் உள்ளே கடிபட வேண்டும். புதிதில் அப்படித்தான் இருக்கும், பஞ்சு ஒரு மாதத்தில் இறங்கிவிடும். தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட் தலையோடு வர வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது. அப்புறம் வாரைப் பூட்டிவிட்டு, பின்பக்க அடி விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிக் கழற்றப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் உங்களுக்கு இல்லை. சாலையில் தலையைக் கீழே இடிக்கும்போது நடப்பதும் அதுதான். கடையிலேயே பத்து நிமிடம் போட்டபடி நில்லுங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி. நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் வடிவம் பொருந்தவில்லை, பெரிய அளவு வாங்கினாலும் அது சரியாகாது.

2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனால் அந்த முத்திரையை ஸ்டிக்கராக ஒட்டி விற்பவர்கள் இன்னும் நடைபாதையில் இருக்கிறார்கள். உண்மையான முத்திரையின் மேலே IS 4151 என்றும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். BIS Care என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். இதோடு ஐரோப்பிய ஈ.சி.இ. 22.06 முத்திரையும் சேர்ந்தவை மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கிடைக்கின்றன. இரண்டு முத்திரையும் உள்ளதை வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் ஐ.எஸ்.ஐ. மட்டும் உள்ள, நன்றாகப் பொருந்தும் முழு முக ஹெல்மெட் 1,500 ரூபாயிலும் உண்டு. பொருந்தாத ஐந்தாயிரத்தைவிட அது மேல். கண்ணாடி தெளிவானதாக வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடியோடு வாங்கிவிட்டு ராத்திரி அதைத் தூக்கிவிட்டு ஓட்டுபவர்களின் கண்ணில் பூச்சி விழுந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப்போட வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, நசுங்கியது திரும்ப எழாது.

ஹெல்மெட்டுக்கு அடுத்து எல்லோரும் ஜாக்கெட்டைச் சொல்வார்கள். நான் கையுறையைச் சொல்வேன். விழும்போது மனிதன் யோசிக்காமல் செய்வது கையை ஊன்றுவது. வெறும் உள்ளங்கை தாரில் ஒட்டிக்கொண்டு நிற்க, உடம்பு முன்னால் போக, மணிக்கட்டு ஒடியும். உள்ளங்கையின் அடியில் வழுக்கிச் செல்லும் கெட்டித் தகடு வைத்த கையுறை 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. க்ளெயிம் ஃபைலில் நான் படித்த மருத்துவச் சான்றுகளில் மணிக்கட்டும் காரை எலும்பும்தான் அடிக்கடி வந்தன. அது என் மேசைக்கு வந்தவற்றின் கணக்கு, ஊர் முழுவதற்குமான புள்ளிவிவரம் இல்லை.

ஜாக்கெட்டில் நம் வெயிலுக்கு வலைத்துணிதான் சரி. கறுப்புத் தோல் ஜாக்கெட் வாங்கினால் மூன்று நாள் போட்டுவிட்டு ஆணியில் மாட்டிவிடுவீர்கள். தோள், முழங்கை இடங்களில் இருக்கும் காப்பை வெளியே எடுத்துப் பாருங்கள், EN 1621-1 என்று அதன் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். முதுகில் பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்சு வைத்துவிட்டு "காப்பு உண்டு" என்பார்கள். முதுகுக் காப்பின் தர எண் EN 1621-2, அது இல்லாவிட்டால் பிறகு தனியாக வாங்கிச் செருகலாம். ஜாக்கெட்டைப் போட்டுக் கையை மடக்கி, முழங்கைக் காப்பைப் பிடித்துத் திருகுங்கள். சுற்றிக்கொண்டு போனால் விழும்போது அது முழங்கையில் இருக்காது. ஆறாயிரம் ரூபாய் அளவில் இந்தச் சோதனைகளில் தேறும் ஜாக்கெட் கிடைக்கும். முழங்கால் காப்புக்கு 1,500. ஷூவுக்கு பைக் பூட்ஸ் என்று தேடிப் பணத்தைக் கொட்டாதீர்கள், கணுக்காலை மூடும் கெட்டியான தோல் ஷூ 2,000-த்தில் போதும். கயிற்றை உள்ளே சொருகிவிடுங்கள், கியர் லிவரில் மாட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் உள்ள வரம்பையும் சொல்லிவிடுகிறேன். காப்பு உடை தோல் உரிவதையும் சிறு எலும்பு முறிவுகளையும் நன்றாகத் தடுக்கும். எதிரே வரும் பஸ்ஸிடம் அது ஒன்றும் செய்யாது.

உங்கள் ஹெல்மெட் 3,500, பின்னால் உட்காருபவருக்கு 1,500, கையுறை 1,500, ஜாக்கெட் 6,000, முழங்கால் 1,500, ஷூ 2,000 என்று வைத்தால் 16,000. முதல் சர்வீஸில் கூலி இலவசம் என்றாலும் ஆயிலுக்குப் பணம் வாங்குவார்கள். அதற்கும் பெட்ரோலுக்கும் ஒரு பூட்டுக்கும் 4,000. ஒன்றரை லட்சத்திலிருந்து இந்த 20,000-த்தை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மீதி 1,30,000-தான் வண்டிக்கான பணம், அது ஷோரூம் விலை இல்லை, எல்லாம் சேர்ந்த விலை. அதற்குள் வர வேண்டுமானால், 150 சிசிக்கு மேற்பட்ட வண்டியின் ஷோரூம் விலை 1,04,000-ஐத் தாண்டக் கூடாது. 150-க்கு உட்பட்டதென்றால் 1,07,000 வரை போகலாம். இணையத்தில் பழைய விலைப்பட்டியலைப் பார்த்துக் குழம்பாதீர்கள், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைகள் இப்போது செல்லாது.

அந்த 160 சிசி வண்டிதான் வேண்டும் என்று மனசு நின்றுவிட்டால், இன்னும் மூன்று நான்கு மாதம் சேர்த்துவிட்டு எடுங்கள். அதுவரை பொறுக்க முடியாது என்றால், முதல் நாளே கையில் இருக்க வேண்டியவை இரண்டு ஹெல்மெட்டும் கையுறையும், அது 6,500. ஜாக்கெட்டும் முழங்கால் காப்பும் அடுத்த இரண்டு சம்பளத்தில் வரட்டும், அதுவரை ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள், ஹைவே வேண்டாம். இதற்கே இன்னும் ஐந்தாயிரம் குறையும். அதை யாரிடமாவது கைமாற்றாக வாங்கிக்கொள்வது ஷோரூம் லோனைவிட எளிது. லோன் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை என்பதால் வட்டிக் கணக்குக்குள் போகவில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டி எடுத்த லைசென்ஸாக இருந்தால் கார்டை எடுத்து வகையைப் பாருங்கள். MCWOG என்று இருந்தால் அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். கியர் பைக்குக்கு MCWG வேண்டும். வண்டியை எடுத்து ஒரு மாதத்தில் விழுந்து, இந்தக் கார்டோடு க்ளெயிமுக்கு வந்தால், பிரீமியம் எவ்வளவு கட்டியிருந்தாலும் நிறுவனம் கையை விரிக்க அது ஒன்றே போதும். எல்.எல்.ஆர். போட்டு அந்த வகையைச் சேர்க்க வேண்டும், கட்டணம் சில நூறுதான் என்றாலும் எல்.எல்.ஆர். கிடைத்து ஒரு மாதம் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். உங்கள் கார்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், வண்டியை எப்போது புக் பண்ணலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.